கான்கிரீட் வீட்டில் நாஸ்: பவர்லைனா, வைஃபையா, கேபிளா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் வீடு இரண்டு தளம். கீழே ஹாலில் ரவுட்டர், பக்கத்து அலமாரியில் நாஸ், அதாவது வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி. என் கணினி மேல்தளத்துப் பின்னறையில் இருக்கிறது. நேர்கோட்டில் அளந்தால் 9 மீட்டர்தான். ஆனால் நடுவில் ஒரு ஆர்சிசி தளமும், கான்கிரீட்டிலேயே வார்த்த படிக்கட்டுச் சுவரும் நிற்கின்றன. வைஃபை, வீட்டு மின்கம்பி வழியாகவே நெட்வொர்க்கை அனுப்பும் பவர்லைன் அடாப்டர், கேபிள் என்று மூன்று வழியிலும் இந்த வீட்டில் நாஸை ஓட்டிப் பார்த்திருக்கிறேன். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு அந்த அனுபவத்தை வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வாங்குவது?

கேபிள். ஒரே ஒரு கேபிளை மேலே இழுக்க எந்த வழியாவது இருந்தால், வேறு எதையும் வாங்காதீர்கள்.

200 ஜிபி படங்களையும் வீடியோக்களையும் நாஸுக்கு அனுப்ப எங்கள் வீட்டில் என்ன ஆகும் என்று பாருங்கள். கிகாபிட் ஈதர்நெட்டில் வினாடிக்கு 112 எம்பி வந்தது, அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். பவர்லைனில் நல்ல நிலையில் 22 எம்பி, அதாவது இரண்டரை மணி நேரம். 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் பின்னறையில் 9 எம்பி அளவில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது, ஆறு மணி நேரம் போல ஆகும். பவர்லைனின் இரண்டு முனையும் வேறு வேறு மின் ஃபேஸில் இருந்தபோது 4.5 எம்பிதான், பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல்.

முதல் பேக்கப்பை ஒரு நாள் இரவு முழுக்க ஓடவிட்டுவிட்டு, அப்புறம் தினமும் ஒன்றிரண்டு ஜிபி மட்டும் அனுப்புகிறவருக்கு 22 எம்பியே தாராளம். நாஸில் இருக்கும் வீடியோவை மேலே உட்கார்ந்து எடிட் செய்கிறவருக்கு அது போதாது. உங்கள் வேலை இரண்டில் எது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

பவர்லைன் பெட்டியில் 1000 என்று போட்டிருக்கிறது, எனக்கு 200கூட வரவில்லையே?

அந்த 1000 என்பது மின்கம்பியில் ஓடும் மூல சமிக்ஞையின் உச்சக் கணக்கு. இரண்டு அடாப்டரையும் ஒரு மீட்டர் தள்ளி, சத்தமே இல்லாத கம்பியில் வைத்தாலும் கோப்பு அந்த வேகத்தில் போகாது. பிழை திருத்தத்துக்கு ஒரு பங்கு போய்விடும். ஒரே கம்பியில் போகவும் வரவும் மாறி மாறித்தான் முடியும், அதில் ஒரு பங்கு. மிச்சத்தில்தான் உங்கள் கோப்பு. 1000 போட்ட ஜோடியில் எனக்குக் கிடைத்த உச்சம் 190 மெகாபிட். அதற்கு மேல் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

இன்னொரு விஷயத்தையும் வாங்கும் முன் பாருங்கள். 500, 600 என்று போட்ட பல அடாப்டர்களில் ஈதர்நெட் போர்ட் 100 மெகாபிட் மட்டுமே. உள்ளே கம்பி எவ்வளவு வேகமாக ஓடினாலும் வாசலில் வினாடிக்கு 11 எம்பிக்கு மேல் தாண்டாது. விவரப் பட்டியலில் கிகாபிட் போர்ட் என்று தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே, மெகாபிட்டை 8-ஆல் வகுத்தால்தான் கணினித் திரையில் தெரியும் எம்பி கிடைக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். வந்த சந்தேகங்களில் பாதி இந்த வகுத்தலிலேயே தீர்ந்திருக்கிறது.

வீட்டுக்கு த்ரீ ஃபேஸ் இணைப்பு. பவர்லைன் வேலை செய்யுமா?

இரண்டு பிளக்கும் ஒரே ஃபேஸில் இருந்தால் செய்யும். வேறு வேறு ஃபேஸில் இருந்தால் பெரும்பாலும் பெயருக்குத்தான் செய்யும்.

பவர்லைன் அடாப்டர் 2 முதல் 86 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை ஃபேஸ், நியூட்ரல் கம்பிகளின் மேல் ஏற்றி அனுப்புகிறது. ஹாலில் இருக்கும் பிளக் ஆர் ஃபேஸிலும் மேலறை பிளக் பி ஃபேஸிலும் இருந்தால், இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. வீட்டுக்கு மின்சாரம் பிரியும் டிபி பெட்டிக்குள்ளும் பைப்புக்குள்ளும் கம்பிகள் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவதால் கொஞ்சம் சமிக்ஞை கசிந்து தாவுகிறது. அந்தக் கசிவில்தான் இணைப்பே நிற்கிறது. எங்கள் வீட்டில் முதலில் 38 மெகாபிட், அதாவது மேலே சொன்ன அந்த 4.5 எம்பி, மட்டும் வந்ததும் இதனால்தான். அடாப்டரின் பச்சை விளக்கு அழகாக எரிந்துகொண்டிருந்ததால் நான் இரண்டு வாரம் நாஸைத்தான் சந்தேகப்பட்டேன்.

கண்டுபிடிப்பது எளிது. இரண்டு பிளக்கிலும் ஆளுக்கொரு டேபிள் விளக்கைச் செருகி எரியவிடுங்கள். டிபி பெட்டியில் ஒவ்வொரு ஃபேஸின் ஐசொலேட்டரையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். இரண்டு விளக்கும் சேர்ந்து அணைந்தால் ஒரே ஃபேஸ். ஒன்று மட்டும் அணைந்தால் வேறு வேறு.

வேறாக இருந்தால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி, மேலறை பிளக் சர்க்யூட்டின் எம்சிபியை ஹால் இருக்கும் ஃபேஸுக்கு மாற்றச் சொல்லலாம். டிபி பெட்டிக்குள் முடிந்துவிடுகிற வேலை, சுவரைத் தொட வேண்டியதில்லை. ஆனால் அந்த சர்க்யூட்டில் ஏசியோ கீசரோ இருந்தால் ஃபேஸ்களுக்கு இடையே லோடு சமன் குலையும், அதைக் கணக்குப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். எங்கள் வீட்டில் மாற்றியபோதுதான் 38 என்பது 190 ஆனது. அடாப்டர் அதே அடாப்டர், பிளக் அதே பிளக்.

ஃபேஸ் சேஞ்சோவர் சுவிட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு ஃபேஸ் போனதும் குமிழைத் திருப்பி, கீழ்தளத்தை வேறு ஃபேஸில் போடுகிறோம். அந்த நிமிடமே பவர்லைன் இணைப்பும் இறங்கிவிடும். மின்சாரம் சரியான பிறகும் குமிழைப் பழைய இடத்துக்குத் திருப்ப மறந்தால், "நேற்று வரை நன்றாக ஓடியதே" என்று அடாப்டரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்போம்.

யுபிஎஸ் லைனில் அடாப்டரைப் போடலாமா? எக்ஸ்டென்ஷன் பாக்ஸில்?

ரவுட்டரும் நாஸும் யுபிஎஸ் லைனில்தான் இருக்கும், அதனால் அடாப்டரையும் அங்கேயே செருகத் தோன்றும். மறுமுனை சாதாரண லைனில் இருந்தால் செருகாதீர்கள். கரண்ட் இருக்கும்போது சமிக்ஞை இன்வெர்ட்டர் வழியாகச் சுற்றித்தான் வர வேண்டும், அங்கேயே பாதி தேய்ந்துவிடும். கரண்ட் போனதும் இன்வெர்ட்டர் அந்த லைனை வெளிக்கம்பியிலிருந்து பிரித்துவிடும், இணைப்பு அறுந்துபோகும். பேக்கப் பாதியில் நிற்பது இப்படித்தான். இரண்டு முனையும் யுபிஎஸ் லைனில், அல்லது இரண்டும் சாதாரண லைனில் இருக்கட்டும்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது, அதிலும் ஸ்பைக் தடுப்பு உள்ள பாக்ஸ் அறவே கூடாது. உயர் அதிர்வெண் அலைகளை அடக்குவதுதான் அந்தத் தடுப்பின் வேலை. உங்கள் கோப்பு போவதும் அதே அலைகளில்தான். அடாப்டரை நேராகச் சுவர் பிளக்கில் செருகிவிட்டு, அடாப்டரின் முகத்திலேயே பிளக் துளை இருந்தால் எக்ஸ்டென்ஷன் பாக்ஸை அதில் மாட்டுங்கள். அந்தத் துளைக்குப் பின்னால் இருக்கும் வடிகட்டி, பாக்ஸில் செருகிய சார்ஜர்களின் இரைச்சலைக் கம்பிக்குள் வரவிடாமல் தடுக்கும்.

எர்த் பின்னையும் பாருங்கள். மூன்று பின் உள்ள புதிய வகை அடாப்டர்களில் பல, எர்த் கம்பியையும் இரண்டாவது பாதையாகப் பயன்படுத்துகின்றன. பழைய வீட்டுப் பிளக்கில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் கம்பியே இருக்காது. அப்படியென்றால் அந்தப் பாதை கிடைக்காது. வேகத்தை விடுங்கள், அந்தப் பிளக் ஆபத்தானது, முதலில் அதைச் சரி செய்யுங்கள்.

பகலில் நன்றாக ஓடுகிறது, சாயங்காலம் ஆனால் படுத்துவிடுகிறது. ஏன்?

ஏதோ ஒரு சாதனம் கம்பியில் இரைச்சல் போடுகிறது. மலிவான எல்ஈடி பல்பு, செல்போன் சார்ஜர், மின்விசிறியின் எலக்ட்ரானிக் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர் ஏசி, எதுவாகவும் இருக்கலாம். மேலறையிலிருந்து நாஸுக்கு ஒரு பிங்கை ஓடவிட்டுக்கொண்டே, ஒவ்வொரு சுவிட்சாக அணைத்துப் பாருங்கள்.

```
ping -t 192.168.1.20
```

இது விண்டோஸுக்கு. லினக்ஸிலும் மேக்கிலும் `-t` இல்லாமல் எழுதினாலே ஓடிக்கொண்டிருக்கும். முகவரியில் உங்கள் நாஸின் எண்ணைப் போடுங்கள். 4 அல்லது 5 மில்லிவினாடியில் நிற்க வேண்டிய பதில் 40, 80 என்று எகிறிக்கொண்டிருந்து, ஒரு சுவிட்சை அணைத்ததும் அடங்கினால் ஆள் மாட்டிவிட்டது. எங்களுக்கு அது படிக்கட்டில் இருந்த ஒரு எல்ஈடி பல்பு. சாயங்காலம் ஆறு மணிக்குப் போட்டால் இரவு பத்துக்குத்தான் அணைப்போம், பேக்கப் மந்தமாவதும் சரியாக அதே நேரத்தில்தான். பல்பை மாற்றினோம், தீர்ந்தது.

எங்கள் அப்பார்ட்மென்டில் எல்லாச் சுவரும் கான்கிரீட். வைஃபை 6 ரவுட்டர் வாங்கினால் சரியாகுமா?

ரவுட்டர் இருக்கும் அறையில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். இரண்டு சுவர் தாண்டிய அறையில் ஏமாற்றம்தான்.

செங்கல் சுவரைவிடக் கான்கிரீட் வைஃபையை அதிகம் விழுங்குகிறது. உள்ளே கம்பிக் கூண்டு வேறு இருக்கிறது. அதிர்வெண் ஏற ஏற விழுங்குவதும் கூடுகிறது, அதனால் வேகமான 5 கிகாஹெர்ட்ஸ்தான் முதலில் அடிபடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் சுவரைத் தாண்டி வரும், ஆனால் அக்கம்பக்கத்து வீட்டு ரவுட்டர்களெல்லாம் நெரிக்கும் இடம் அது. சமிக்ஞை 10 டெசிபல் குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். ஒரு கான்கிரீட் சுவர் 10 டெசிபலுக்கு மேல் தின்பது சாதாரணம். இரண்டு சுவர் என்றால் நூறில் ஒன்று. ரவுட்டர் எவ்வளவு புதியதானாலும், அனுமதித்த அளவுக்கு மேல் சக்தியை அதனால் வெளியிட முடியாது. உங்கள் மடிக்கணினியிலிருந்து திரும்பி வர வேண்டிய சமிக்ஞை அதைவிடவும் சன்னமானது.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, வேலை செய்யும் மேசையிலேயே வைத்துப் பாருங்கள். −50 பக்கம் இருந்தால் வைஃபையே நல்ல வேகம் கொடுக்கும். −65 வரை சமாளிக்கலாம். −75-க்கும் கீழே போனால் நாஸ் வேலைக்கு அதை மறந்துவிடுங்கள். எங்கள் பின்னறையில் −78.

வைஃபையில்தான் ஓட்டப் போகிறீர்கள் என்றாலும், நாஸை மட்டும் ரவுட்டரில் கேபிளால் செருகுங்கள். நாஸும் கணினியும் இரண்டுமே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை பறக்க வேண்டும். வேகம் பாதியாகிவிடும்.

மெஷ் வைத்தால்?

மெஷ் என்பது வீட்டில் அங்கங்கே வைக்கும் பல வைஃபை பெட்டிகள் ஒரே நெட்வொர்க்காக ஓடுவது. இணையத்துக்கு நன்றாக இருக்கும். நாஸுக்கு, மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. அவை காற்றிலேயே பேசினால் அந்தக் கான்கிரீட்டை அவையும் தாண்டித்தான் ஆக வேண்டும். மேல்தளப் பெட்டிக்குக் கேபிள் கொண்டுபோக முடிந்தால் மெஷ் அருமையாக ஓடும், ஆனால் அந்தக் கேபிளை நேராகக் கணினியிலேயே செருகிக்கொள்ளலாமே. படிக்கட்டுத் திறப்பு போல நேராகப் பார்வை படும் இடத்தில் இரண்டாவது பெட்டியை வைக்க முடிகிறவர்களுக்கு மட்டும் கேபிள் இல்லாத மெஷ்ஷைச் சொல்வேன்.

கோப்பை நகலெடுத்துப் பார்த்துத்தான் வேகத்தை அளக்கிறேன். சரியான முறைதானா?

அதில் ஹார்ட் டிஸ்க்கின் வேகம், நாஸின் செயலி, கோப்பு அளவு எல்லாம் கலந்துவிடும். பாதையை மட்டும் அளக்க `iperf3` இருக்கிறது. நாஸில் அதை நிறுவி, முதல் வரியை நாஸிலும் மற்ற இரண்டையும் கணினியிலும் ஓட்டுங்கள்.

```
iperf3 -s
iperf3 -c 192.168.1.20 -t 60
iperf3 -c 192.168.1.20 -t 60 -R
```

இரண்டாவது வரி கணினியிலிருந்து நாஸுக்கு, மூன்றாவது நாஸிலிருந்து கணினிக்கு. இரண்டையும் ஓட்டுவது முக்கியம். பவர்லைனில் ஒரு திசை நன்றாகவும் மறுதிசை மந்தமாகவும் இருப்பது சகஜம், ஏனென்றால் இரைச்சல் போடும் சாதனம் ஒரு முனைக்குப் பக்கத்தில் இருக்கும். 60 வினாடி என்று போட்டதற்கும் காரணம் உண்டு. சராசரியைவிட, ஒவ்வொரு வினாடியும் எவ்வளவு ஆடுகிறது என்பதுதான் வைஃபையின் உண்மையைக் காட்டும்.

கேபிளில் 940 மெகாபிட் வந்தால் பாதை சரி. அப்புறமும் கோப்பு மெதுவாகப் போனால் குறை நாஸிலோ டிஸ்க்கிலோ இருக்கிறது.

பெரிய வீடியோ வேகமாகப் போகிறது, சின்னச் சின்னப் படங்கள் ஊர்கின்றனவே?

ஒவ்வொரு கோப்புக்கும் கணினியும் நாஸும் திற, எழுது, மூடு என்று பலமுறை பேசிக்கொள்கின்றன. ஒவ்வொரு பேச்சிலும் பதில் வரும்வரை காத்திருப்பு. 20,000 கோப்புகள், ஒன்றுக்கு ஐந்து பேச்சு என்று வைத்துக்கொள்ளுங்கள். கேபிளில் ஒரு பேச்சுக்கு அரை மில்லிவினாடி, மொத்தக் காத்திருப்பு 50 வினாடி. பவர்லைனில் 5 மில்லிவினாடி என்றால் 500 வினாடி, எட்டு நிமிடத்துக்கும் மேல், ஒரு பைட்கூட அனுப்பாமலே. வைஃபையிலும் இதே கதைதான். பவர்லைனை விட முடியாதவர்கள், பழைய படங்களை வருட வாரியாக ஒரே ஜிப் கோப்பாகக் கட்டி அனுப்பிவிட்டு நாஸிலேயே பிரிக்கலாம்.

கான்கிரீட்டை உடைக்காமல் கேபிளை எப்படி மேலே கொண்டுபோவது?

துளை போடும் முன் ஏற்கெனவே இருக்கும் துளைகளைத் தேடுங்கள். கேபிள் டிவி ஒயர் வந்த பைப், லேண்ட்லைன் பைப், ஏசி செம்புக் குழாய் போகும் துளை என்று எல்லா வீட்டிலும் ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் யாரும் பயன்படுத்தாத டிவி ஒயர் பைப் படிக்கட்டுச் சுவருக்குள் மேலே போய்க்கொண்டிருந்தது. பழைய ஒயரின் முனையில் கேட் 6 கேபிளைக் கட்டி, இன்சுலேஷன் டேப்பை இறுக்கிச் சுற்றி, மேலிருந்து ஒருவர் இழுக்கக் கீழிருந்து ஒருவர் ஊட்டினோம். கனெக்டர் போட்ட கேபிள் வளைவுகளில் சிக்கும். அதனால் வெறும் கேபிளை இழுத்துவிட்டு, இரண்டு முனையிலும் அப்புறம் நெட்வொர்க் கேபிள் செருகும் சுவர்ப் பெட்டியான ஐஓ பாக்ஸ் போட வேண்டும்.

கரண்ட் ஒயர் போகும் பைப்பில் நெட்வொர்க் கேபிளைத் தள்ளாதீர்கள். என்றாவது கரண்ட் ஒயரின் உறை கிழிந்தால் 230 வோல்ட் உங்கள் நாஸுக்கு வந்து சேரும். பைப்பே கிடைக்காவிட்டால் சுவர் ஓரமாக பிவிசி கேசிங் கேப்பிங் அடித்துக் கொண்டுபோகலாம். துளை போட்டுத்தான் ஆக வேண்டும் என்றால் செங்கல் சுவரில் போடுங்கள். தூணையும் பீமையும் தொடாதீர்கள்.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் கடைகளில் கேட் 6 என்ற பெயரிலேயே கிடைக்கிறது. அது தரத்துக்குள் வராது, கம்பிகளை ஐஓ பாக்ஸில் அழுத்திப் பதித்துப் பஞ்ச் செய்யும்போது எளிதில் ஒடியும். முனையைச் சீவிப் பார்த்தால் உள்ளே வெள்ளையாகத் தெரியும். வீட்டு அளவு தூரத்துக்கு நல்ல கேட் 5ஈ கேபிளே கிகாபிட்டுக்குப் போதும், ஆனால் பைப்பில் ஒரே முறைதான் இழுக்கப் போகிறோம் என்பதால் கேட் 6 போடலாம்.

வேலை முடிந்ததும் நாஸிலோ லினக்ஸ் கணினியிலோ இதை ஓட்டுங்கள்.

```
ethtool eth0
```

`eth0` இடத்தில் உங்கள் கருவியில் இருக்கும் நெட்வொர்க் போர்ட்டின் பெயரைப் போடுங்கள். `Speed: 1000Mb/s` என்று வர வேண்டும். `100Mb/s` என்று வந்தால் எட்டுக் கம்பிகளில் ஏதோ ஒன்று சரியாக உட்காரவில்லை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டே போதும். அதனால் கேபிள் குறையோடும் ஓடிக்கொண்டிருக்கும், இணையமும் வரும், யாருக்கும் சந்தேகம் வராது. முதல் முறை எனக்கும் 100தான் வந்தது. மேல் ஐஓ பாக்ஸில் பழுப்பு நிறக் கம்பி ஒன்று பிடிக்காமல் நின்றிருந்தது. திரும்பப் பஞ்ச் செய்ததும் 1000 ஆனது.

கேபிளை வெளிச்சுவர் வழியாக மொட்டைமாடி அறைக்குக் கொண்டுபோகலாமா?

போகலாம், வெயிலைத் தாங்கும் கறுப்பு உறை போட்ட வெளிப்புறக் கேபிளாக இருந்தால். சாதாரணச் சாம்பல் நிற உறை வெயிலில் வெடித்து, மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும்.

எனக்கு வெயிலைவிட இடியைப் பற்றித்தான் கவலை. பக்கத்தில் இடி விழுந்தால் வெளியே நீளமாக ஓடும் செம்புக் கேபிளில் திடீர் மின்னழுத்தம் எழும், முதலில் போவது போர்ட்கள்தான். மொட்டைமாடிக்கோ பின்கட்டுத் தனிக் கட்டடத்துக்கோ கொண்டுபோவதென்றால் ஃபைபர் போடுங்கள். வீட்டுக்கு இணையம் கொண்டுவரும் அதே மெல்லிய டிராப் கேபிளும், இரண்டு முனையிலும் ஃபைபரை ஈதர்நெட்டாக மாற்றித் தரும் ஒரு கிகாபிட் மீடியா கன்வெர்ட்டரும் போதும். டிராப் கேபிளில் தாங்குகம்பி உலோகமாக இருக்கும் வகையும் உண்டு, அதைத் தவிர்த்து உலோகமே இல்லாததாகக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் ஓடாது. முனையை ஒட்டித் தர இணைய இணைப்புக்கு வரும் டெக்னீஷியனையே கேட்கலாம், ஸ்ப்ளைசிங் மெஷின் அவரிடம் இருக்கும். கன்வெர்ட்டரை வாங்கும்போது இரண்டும் ஒரே ஜோடியாக, ஒற்றை இழைக்கு உரியதாக இருக்க வேண்டும். ஏ ஒரு முனைக்கு, பி மறுமுனைக்கு. இரண்டு ஏ வாங்கிவிட்டால் விளக்கு எரியாது.